பர்மனென்ட் துணியில் ஒரு முழுக்கைச் சட்டை

என் தங்கச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள், பிறகு நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனபோது எங்களிடம் பெருமையாகத் திறந்து காட்டியது ஒரு பீரோவை. நகையோ பட்டோ இருக்கும் என்று நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே இரண்டு தட்டு நிறைய வெட்டாத துணி. சந்தனக் கலரில் கெட்டியான டிரில் துணி, மடிப்புக் கலையாமல், ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் அந்துருண்டை.

மாப்பிள்ளையின் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் பர்மனென்ட். பர்மனென்ட் ஆட்களுக்கு வருஷா வருஷம் யூனிபார்ம் துணி கொடுப்பார்கள். மனிதர் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு அது நூல் நூலாகப் பிரியும்வரை போட்டு ஓட்டிவிட்டு, மீதித் துணியை எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்சைக் காலி செய்து, வடலூர் ரோட்டில் வீடு கட்டி, அதில் ஒரு பொங்கல்கூட வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். துணி மட்டும் இருந்தது. இந்த ஊர்ப் பக்கம் இது புதிதில்லை. பர்மனென்ட் வீடுகளில் அந்தத் துணியை வெட்ட மாட்டார்கள். வருகிறவர் போகிறவருக்குக் காட்டுவார்கள். காசு பணத்தை அப்படிக் காட்டினால் அசிங்கம், துணியைக் காட்டினால் அசிங்கமில்லை.

மகன் பர்மனென்ட் இல்லை. கான்ட்ராக்டில் வண்டி ஓட்டினான். எங்கள் வீட்டிலும் யாரும் பர்மனென்ட் இல்லை. காடாம்புலியூர் பக்கத்து முந்திரித் தோப்புகளில் கூலிக்குக் கொட்டை பொறுக்கிய குடும்பம். நான் கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து, ஒரு கான்ட்ராக்ட் கேங்கில் சேர்ந்திருந்தேன். தங்கச்சி கல்யாணமாகி வந்த மறு மாசமே அவள் மாமியார், மருமகளும் அந்த கேங்கில் சேரட்டும் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்து சோறு தின்பதற்கு இது பர்மனென்ட் வீடா என்று கேட்டாள். பீரோவைக் காட்டும்போது மட்டும் அது பர்மனென்ட் வீடு.

எங்கள் வேலையைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் கரிக்கு மேலே இருக்கிற மண்ணைத் தோண்டி எடுத்து மலை மாதிரி கொட்டி வைத்திருப்பார்கள். அந்த மண்மேட்டின் மேல் கன்று நட்டு, தண்ணீர் விட்டு, களை எடுத்து மரமாக்க வேண்டும். மரம் வளர்ந்தால் நிழல் வரும், குருவி வரும், படம் பிடிக்க ஆள் வரும். அதுவரை மேட்டின் மேல் நிழல் என்று பார்த்தால் எங்கள் நிழல்தான். வெயில் மேலேயிருந்து ஒரு தரம் அடிக்கும், வெளுத்த மண்ணில் பட்டுக் கீழேயிருந்து இன்னொரு தரம் அடிக்கும். காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம்.

அந்த வெயிலுக்கு நாங்கள் எல்லாரும் புடவை மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வோம். தலையில் துண்டு, அதற்கு மேல் தொப்பி. சட்டை விஷயத்தில் கேங்குக்கென்று ஒரு ஞானம் இருந்தது. வெள்ளையாக இருக்க வேண்டும், பழசாக இருக்க வேண்டும், துவைத்துத் துவைத்து மெல்லிசாகப் போயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட சட்டை யாரிடமாவது கிடைத்தால் மற்றவர்களுக்கு வயிறு எரியும். மத்தியானம் கன்றுக்குத் தண்ணீர் விடும் லாரி வந்ததும், டியூபைப் பிடித்துச் சட்டையோடு நனைத்துக்கொள்வோம். ஈரச் சட்டையில் காற்றடித்தால் சொர்க்கம். அந்த சொர்க்கத்தைத்தான் என் தங்கச்சி நம்பினாள். அவள் புருஷன் தூக்கிப்போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று அவளுக்கு வாய்த்தது. முழுக்கை. இடது முன்கையில் கிழிந்திருந்ததை நான்தான் கெட்டியான பேன்ட் துண்டு ஒன்றை வைத்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன்.

அவள் குணம் எனக்கு நேர் எதிர். நான் வாயாடி, எதற்கும் சண்டைக்குப் போவேன். அவள் சிரித்துக்கொண்டே ஊசி குத்துவாள், குத்து வாங்கியவனுக்கு மறுநாள்தான் வலிக்கும். மாமியார் ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளியபோது, பீரோவில இருந்து ஒரு அந்துருண்டை எடுத்துப் போடட்டுமா அத்தை என்று கேட்டாளாம். அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

முதலில் கன்னம் சிவந்தது. மூக்குத் தண்டின் மேலே பாலம் போட்ட மாதிரி இரண்டு கன்னமும் ரோஸ் கலரில் இருந்தன. கேங்கில் ஒருத்தி, என்ன பவுடர் போடுற, எங்களுக்கும் சொல்லு என்று கேட்டாள். இன்னொருத்தி, புருஷன் கிள்ளிய கன்னம் என்று பாட்டாகவே படித்துவிட்டாள். தங்கச்சியும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் விரல் மூட்டெல்லாம் வலி என்று மண்வெட்டியைப் பிடிக்க முடியாமல் தடுமாறினாள். வாய்க்குள் புண் வந்தது. சாயங்காலம் இறங்கும்போது ஜுரம் அடிக்கும், காலையில் ஒன்றும் இருக்காது. மாமியார் அதைச் சோம்பேறி ஜுரம் என்றாள். வேலைக்குப் போகும் நேரத்தில் மட்டும் வருகிற ஜுரத்துக்கு வேறு என்ன பெயர் என்று எனக்கே போன் போட்டுக் கேட்டாள்.

நான்தான் அவளை டாக்டரிடம் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்து, பெரிய டெஸ்ட் எல்லாம் பார்த்து, லூபஸ் என்றார்கள். உடம்பே உடம்பைத் தின்னும் நோய். தொத்து வியாதி இல்லை, அவள் செய்த எதனாலும் வந்ததும் இல்லை. ஆனால் வெயில் பட்டால் அது கிளம்பும், தோலோடு நிற்காமல் உள்ளே போய் கிட்னியைப் பிடித்தாலும் பிடிக்கும் என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். மண்மேட்டில் செடி நடுகிறேன் என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வேலையை விட முடியுமா என்று கேட்டார். தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். 

வெயிலில் சட்டை போட்டுக்கொண்டுதானே இருக்கிறாள், முழுக்கைதானே என்று நான் கேட்டேன். டாக்டரம்மா அவள் கையை நீட்டச் சொன்னார். அப்போதுதான் நானும் ஒழுங்காகப் பார்த்தேன். ரவிக்கைக் கை முடிகிற இடத்திலிருந்து மணிக்கட்டுவரை இரண்டு கையும் செம்புள்ளியாகப் பொரிந்திருந்தது. மணிக்கட்டைச் சுற்றி, சட்டைப் பட்டி வருகிற அகலத்துக்கு, ஒன்றுமில்லை. இடது முன்கையில் ஒரு சதுரம், அதுவும் சுத்தமாக இருந்தது. நான் ஒட்டுப்போட்ட இடம். பட்டியில் துணி இரட்டை. ஒட்டில் துணி கெட்டி. மற்ற இடமெல்லாம் வெயில் சட்டை வழியாகவே உள்ளே போய்த் தின்றிருக்கிறது.

சட்டை கைப்பையில் இருந்தது. டாக்டரம்மா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடித்தார்.

"இது வழியா உங்க அக்கா மூஞ்சி எனக்குத் தெரியுது. மூஞ்சி தெரிஞ்சா வெயிலும் போவும்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். நூலுக்கும் நூலுக்கும் நடுவே சந்து இல்லாத, நெருக்கமாக நெய்த துணியாக இருக்க வேண்டும். கை நீளமாக, புறங்கையைத் தொட வேண்டும். கழுத்து மூடியிருக்க வேண்டும். உடம்போடு இறுகினால் துணி விரிந்து சந்து பெரிசாகும், அதனால் தொளதொளவென்று இருக்கட்டும். அடர் கலரும் வெயிலைத் தடுக்கும்தான், ஆனால் சூட்டை இழுக்கும், நாள் முழுக்க வெளியில் நிற்கிறவளுக்கு அது ஆகாது. நெசவு நெருக்கமாக இருந்தால் வெளிர் கலரே போதும். நனைத்துக்கொள்ளவே கூடாது, நனைந்த பருத்தி வழியாக வெயில் இன்னும் சுலபமாக இறங்கும். எங்கள் சொர்க்கம் அங்கேயே முடிந்தது. முகத்துக்கும் கைவிரலுக்கும் பூச ஒரு கிரீமும், தினம் போட மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

நெருக்கமான நெசவு, கெட்டித் துணி, வெளிர் கலர். வெளியே வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒன்றையேதான் நினைத்தோம். அவள்தான் சொன்னாள், என் மாமனார் எனக்காகவே சேர்த்து வச்சிட்டுப் போயிருக்காருக்கா என்று.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போனேன். மாமியாரிடம் சண்டைக்காரியாகப் போகவில்லை, சம்பந்தி மரியாதையோடு போய் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். ஒரு சட்டைக்கு மட்டும் துணி கொடுங்கள் அத்தை, தையல் மெஷின் என்னிடம் இருக்கிறது, நானே தைத்துக்கொள்கிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளலாம். எனக்குக் கெஞ்ச வராது, அன்றைக்கு வந்தது.

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மடியில் விழுந்த காபித்தூளைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"அது பர்மனென்ட் துணிம்மா. கான்ட்ராக்ட் ஒடம்புல ஏறக் கூடாது."

அப்புறம் மெதுவாக, மருமகள் வாங்கி வந்த கிரீம் டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். வெயில் படக்கூடாது, கை தெரியக்கூடாது, மூஞ்சிக்கு கிரீம். எல்லாம் யாருக்காக என்று கேட்டாள். மண்ணு வெட்டப் போகிறவளுக்குக் கலர் எதற்கு, மேட்டில் யார் பார்க்கிறார்கள் என்று அவள் கேட்டது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகன் காதில் விழும்படிதான் இருந்தது.  அவன் செருப்பை மாட்டுவதை நிறுத்திவிட்டு, ஒரு நிமிஷம் பெண்டாட்டியைப் பார்த்தான். நோய் என்று டாக்டர் எழுதித் தந்தது அந்த வீட்டில் எடுபடவில்லை. சிவப்பாக ஆசைப்படுகிறாள் என்பது உடனே எடுபட்டது. நம் ஜனங்களுக்கு அது எளிதாகப் புரிகிற நோய்.

நான் கடையில் துணி எடுத்துத் தைக்கிறேன், சம்பளம் வரட்டும் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டு வந்தேன். சம்பளத்துக்குக் காத்திருக்க அவள் ஆளில்லை. இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். தூக்குவாளிக்கு அடியில் சந்தனக் கலர் துணி. மாமியார் வடலூர் சபைக்கு ஜோதி பார்க்கப் போயிருந்த நேரம் பார்த்து, அடித்தட்டிலிருந்து ஒரு மடிப்பு எடுத்திருக்கிறாள். பாவம் கழுவப் போனவங்க வூட்ட பாவத்தோட விட்டுட்டுப் போனா நான் என்னக்கா பண்றது என்றாள். நான் திருட்டு என்று சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அது அவள் வீடு, அவள் மாமனார் துணி, அவள் தோல்.

அந்தச் சட்டையை நான் தைத்த மாதிரி வேறு எதையும் தைத்ததில்லை. டிரில் துணி மெஷினில் சுலபத்தில் ஓடாது, ஊசி இரண்டு முறை ஒடிந்தது. தோளைத் தொங்கலாக விட்டு, அக்குளில் தாராளமாக வைத்து, காலரைத் தூக்கி மாட்டினால் பிடரி மூடும்படி உயரமாகத் தைத்தேன். கையை விரல் முட்டி வரை நீட்டி, நுனியில் கட்டை விரல் நுழைய ஒரு ஓட்டை வைத்தேன், மண்வெட்டி பிடிக்கும்போது கை மேலே ஏறக்கூடாது என்று. முடித்ததும் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை.

சட்டை வேலை செய்தது. அதைச் சொல்லியே ஆக வேண்டும். கேங்கில் ராணுவத்துக்குப் போறியா என்று கேலி செய்தார்கள், அவள் ஆமாம், உங்களை எல்லாம் சுடத்தான் என்றாள். தண்ணீர் லாரி வந்தால் ஒதுங்கி நின்றாள். எல்லோரும் நனைந்து சிரிக்கும்போது வேர்த்து ஒழுகிக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை. ஆனால் கை ஆறியது. மாத்திரையும் சேர்ந்துகொள்ள, மூட்டு வலி குறைந்தது, சாயங்கால ஜுரம் நின்றது. சித்திரை வெயிலை அந்தச் சட்டைக்குள் இருந்தே கடந்தாள். டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்படியே இருங்கள், இந்தச் சட்டையை விடாதீர்கள் என்றார். சட்டையை வீட்டுக்கு எடுத்துப் போகாமல் என் வீட்டிலேயே துவைத்துக் காயவைத்து, காலையில் மேட்டுக்குக் கொண்டு போய்க் கொடுப்பேன். மாமியார் கண்ணில் படாமல் இருக்க அதுதான் வழி.

ஒருநாள் கோடை மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் கிடைத்த வண்டியில் ஏறி ஓடினோம், அவள் சட்டையோடு அவள் வீட்டுக்கே போய்விட்டாள். நனைந்த சட்டையை ராத்திரி கட்டிலுக்கடியில் காயப்போட்டிருக்கிறாள். டிரில் சீக்கிரத்தில் காயாது. மாமியார் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, மோந்தே கண்டுபிடித்தாள். எத்தனை துவைத்தாலும் போகாத அந்துருண்டை வாசனை, ஈரத்தில் கிளம்பி வீடெல்லாம் நின்றதாம்.

மறுநாள் காலையில் மேட்டில் தங்கச்சியைக் காணோம் என்று நானே அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். மாமியார் பீரோவைத் திறந்துவைத்து, செத்துப்போன மனுஷன் சேர்த்து வைத்ததைத் திருடித் தின்ற மருமகள் என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன எங்களுக்குக் காட்டிய அதே பீரோ, அதே பெருமை. தங்கச்சி கதவோரம் நின்றாள். சட்டை மகன் கையில் இருந்தது.

அவன் புது பைக் வாங்கியிருந்த நேரம் அது. கறுப்பு கலர், டேங்கில் சிவப்புக் கோடு. புது வீட்டில் வாசலில் மரம் கிடையாது, வண்டி வெயிலில்தான் நிற்கும். அவனுக்கு அந்தக் கவலை ஒன்றுதான் இருந்தது. நான் முடிந்தவரை தாழ்ந்துதான் பேசினேன். வெட்டின துணியை இனி மடிச்சா வைக்கப் போறீங்க, அவளுக்கே விட்டுடுங்க தம்பி என்றேன். அவன் சட்டையை இரண்டு கையாலும் விரித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். டாக்டரம்மா பார்த்த மாதிரி, நான் பார்த்த மாதிரி.

"நல்லாத்தான் தச்சிருக்கீங்க அண்ணி. ஒரு பொட்டு வெளிச்சம் எறங்கல" என்றான். "வண்டிக்குப் போட்டா பெயிண்ட் மங்காது."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் போய்ச் சட்டையை வண்டி மேல் போர்த்தினான். முதுகுப் பக்கம் டேங்கிலும் சீட்டிலும் பரவி உட்கார்ந்தது. இரண்டு கையையும் இரண்டு ஹேண்டிலிலும் மாட்டிவிட்டான். கட்டை விரலுக்கு நான் வைத்த ஓட்டையில் பிரேக் கம்பி சரியாக நுழைந்தது. மாமியார்கூட சிரித்துவிட்டாள். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். தொளதொளவென்று தைத்தது நல்லதாகப் போயிற்று, வண்டிக்கு அளவு பொருந்தியது.

அவன் துணியைப் பற்றி எல்லாம் தெரிந்துதான் பேசினான். எந்த நெசவு வெயிலைத் தடுக்கும், எந்தக் கலர் சூடேறாது, எவ்வளவு நீளம் வேண்டும், எல்லாம் அவனுக்குப் புரிந்திருந்தது. பெயிண்ட் விஷயத்தில் புரிந்தது. அந்த ஆளை நான் வெறுத்தது அன்றைக்குத்தான். அதற்கு முன்னால் வெறுமனே பிடிக்காமல் இருந்தது.

கொஞ்ச நாள் வேலைக்கு வராதே, நான் கடையில் பாப்ளின் எடுத்து ஞாயிற்றுக்கிழமை தைத்துத் தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். சூப்பர்வைசரிடம் போய், அதுவரை இவளைக் கீழே நாற்றங்கால் கூடாரத்தில் போடுங்கள் சார், அங்கே நிழல் வலை கட்டியிருக்கிறதே என்று கேட்டேன். அவர் பல் குத்திக்கொண்டே, நிழலில் உட்கார எங்கள் வீட்டு ஆள்களுக்கே இடம் இல்லை என்றார். உண்மையும் அதுதான், கூடாரத்தில் இருந்தது அவர் கொழுந்தியாவும் அவள் தோழிகளும். முடியாதவள் நின்றுவிடட்டும், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நின்றால் அந்த வீட்டில் அவளை வைத்திருக்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். மறுநாள் பழைய வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடேறினாள்.

என் சட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அதுவும் அதே மெல்லிசுதான், ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு பார்த்தாள். உள்ளே வெந்துபோய் மயக்கம் வந்தது. ஒன்றைக் கழற்றினாள். மத்தியானம் அவள் கண் சொருகிக்கொண்டு வந்ததைப் பார்த்து, கேங்குக்காரி ஒருத்தி நல்ல மனசோடுதான் லாரி டியூபைத் திருப்பி அவள் மேல் பாய்ச்சினாள். சட்டை ஈரத்தில் கையோடு ஒட்டிக்கொண்டது. தோலின் கலர் அப்படியே தெரிந்தது. நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் முழுக்க நனைந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் அந்த ஈரத்தோடு வெயிலில்தான் நின்றாள்.

வாரம் முடிவதற்குள் கையில் புள்ளிகள் திரும்பி வந்தன. இந்தத் தடவை ஒட்டுப்போட்ட சதுரமும் பட்டி வளையமும் மட்டும்தான் மிஞ்சின, கழுத்து, மார்பு எல்லாம் பொரிந்தது. நான் பாப்ளின் சட்டையைத் தைத்து முடித்தேன். அதற்குள் அவள் காலில் மெட்டி இறங்கவில்லை. பாதம் வீங்கியிருந்தது. சிறுநீர் நுரைநுரையாகப் போகிறது, சோப்புத் தண்ணி மாதிரி என்று காதோடு சொன்னாள். டாக்டரம்மா பார்த்ததும் ஒரு வார்த்தை திட்டவில்லை. சட்டை எங்கே என்று மட்டும் கேட்டார். நான் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன், இன்னொரு முறை கேட்டார்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். கிட்னியைப் பிடித்துவிட்டது என்றார்கள். ஊசி, மாத்திரை, மறுபடி ஊசி. மாமியார் போனில் ஒரே ஒரு தரம் பேசினாள், இந்த மாதிரி நோயை மறைத்துக் கட்டி வைத்துவிட்டீர்களே என்று. நான் அவளுக்குச் சொன்ன பதிலை எழுத முடியாது. எழுதக்கூடிய வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை.

அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஊரில் நாலு பேர் கேட்டிருப்பார்கள், அதற்காக வந்தான். தங்கச்சியின் கட்டில் ஜன்னலோரம். அவள்தான் முதலில் பார்த்தாள், வண்டி வந்திருக்குக்கா என்றாள். புருஷன் வந்திருக்கான் என்று சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன். கீழே சுவரோரம் வண்டியை நிறுத்திவிட்டு, பக்கப் பெட்டியிலிருந்து சட்டையை எடுத்து உதறி, மேலே போர்த்தி, கைகளை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டிருந்தான். முதுகில் கொஞ்சம் எண்ணெய்க் கறை. சந்தனக் கலர் அப்படியே இருந்தது, நல்ல துணி.

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அவன் என்னைப் பார்த்து வாங்க அண்ணி என்று ஆரம்பிப்பதற்குள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஒரு கை பிரேக் கம்பியில் மாட்டிக்கொண்டது, அந்தக் கட்டை விரல் ஓட்டையில்தான். அதைக் கிழித்துக்கொண்டு எடுத்தேன். சீட்டு சூடாவுது அண்ணி, கொஞ்ச நேரத்தில் குடுத்துடுங்க என்றான். வண்டியைத் தள்ளிவிட்டுவிடுவேன் என்று பயந்தானோ என்னவோ, ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டே சொன்னான்.

மேலே கொண்டு போய் அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். காலரைத் தூக்கிப் பார்த்தாள். போட்டு விடுக்கா என்றாள். ஆஸ்பத்திரிக்குள்ளே வெயில் ஏது, ஆனாலும் எனக்கு அதைப் போட்டுவிட வேண்டும் என்று வெறியாக இருந்தது. வலது கையைத் தூக்கிப் பிடித்து, சட்டைக் கையை மாட்டினேன். முழங்கைவரைகூடப் போகவில்லை. தொளதொளவென்று தைத்த கை. எத்தனை தாராளமாக விட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். வீங்கின கையில் துணி இறுகி நின்றுவிட்டது. கொஞ்சம் அழுத்தினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுத்திய இடத்தில் என் விரல் பதிந்த குழி அப்படியே இருந்தது, மேலே எழும்பவில்லை.

சட்டையை மெல்ல உருவி எடுத்தேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள்தான் பேசினாள், பழைய அதே சிரிப்போடு.

"வண்டிக்கே போட்டுட்டு வந்துடுக்கா. அதுக்கு ஒடம்பு வீங்காது."

நான் போடவில்லை. சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமே நின்றேன். கீழே அவன் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதும் சுட்டதும் எடுப்பதுமாக இருந்தான். அண்ணாந்து எங்கள் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், என் கையில் இருந்த சட்டையை. கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு துண்டை எடுத்துச் சீட்டின் மேல் விரித்து, அதில் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். அவன் மேலே வரவேயில்லை.